சேர்ந்து செய்த வேலையைச் சக ஊழியர் தனதாகக் காட்டிவிட்டால்: திருத்தம் கேட்டு வாங்குவதற்கு முழுமையான வழிகாட்டி

இருவர் சேர்ந்து ஓர் அறிக்கையைத் தயாரிக்கிறீர்கள். கூட்டத்தில் அதை முன்வைப்பவர் ஒருவர்தான். அவர் "நான் பார்த்தேன், நான் கணக்குப் போட்டேன், என் பரிந்துரை இது" என்றே பேசி முடிக்கிறார். உங்கள் பெயர் எங்கும் வரவில்லை. இந்த நிலையில் பலரும் அவரிடம் போய் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று விளக்கமோ மன்னிப்போ கேட்கிறார்கள். அவரும் தனியாக மன்னிப்புக் கேட்டுவிடுகிறார். ஆனால் கூட்டத்தில் இருந்தவர்கள் மனதில் அந்த வேலை இன்னும் அவர் ஒருவருடையதாகவே இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டியது ஒரு திருத்தம்: அன்று கேட்டவர்களுக்கே, எந்தப் பகுதியை யார் செய்தது என்று, முன்வைத்தவர் கையாலேயே போக வேண்டிய தகவல்.

அதைப் படிப்படியாகப் பார்க்க ஒரு மாதிரி நிகழ்வை வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய பொருட்களைப் பற்றிய அறிக்கை. நீங்கள் மூன்று வெவ்வேறு இடங்களில் இருந்த 11 மாதப் பதிவுகளைத் திரட்டி, இருமுறை பதிவானவற்றை நீக்கி, திருப்பி அனுப்பிய காரணங்களை 9 வகைகளாகப் பிரித்துக் கணக்கிட்டீர்கள். பெரும்பாலானவை உடைந்து போனதால்தான் திரும்பி வருகின்றன என்று தெரியவந்தது அந்தக் கணக்கில்தான். உங்கள் சக ஊழியர் கிடங்கில் வேலை செய்பவர்களிடம் பேசி, பேக்கிங்கை எப்படி மாற்றலாம் என்று பரிந்துரை எழுதி, செலவு மதிப்பீடு போட்டு, ஸ்லைடுகளை வடிவமைத்தார். மொத்தம் 18 ஸ்லைடுகள். 5 முதல் 11 வரை உள்ளவை உங்கள் கணக்கிலிருந்து வந்தவை. வியாழக்கிழமை ஆறு மேலாளர்கள் முன் அவர் அதை முன்வைத்தார். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. அடுத்த கட்ட வேலையை யார் நடத்துவது என்று இரண்டு வாரத்தில் முடிவாகப் போகிறது.

முதல் படி: என்ன நடந்தது என்று துல்லியமாகத் தெரிந்துகொள்ளுங்கள்

"அவர் தான் செய்த மாதிரி பேசினாராம்" என்று மூன்றாவது ஆள் சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு பேசப் போகாதீர்கள். "யார் சொன்னது?" என்ற ஒரு கேள்வியிலேயே பேச்சு திசைமாறி, உங்களுக்குத் தகவல் சொன்னவரைக் காப்பாற்றும் வேலையில் போய் முடியும். கூட்டத்தின் பதிவு இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால், அன்று காட்டப்பட்ட ஸ்லைடு ஃபைலையும் கூட்டத்துக்குப் பின் போன மெயிலையும் பாருங்கள். எழுத்தில் இருப்பதை வைத்துப் பேசினால் யாரையும் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

பார்க்கும்போது, நடந்தது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். பெயரே சொல்லாமல் விட்டது ஒரு வகை. "நாங்கள்" என்று தொடங்கி, பேச்சின் வேகத்தில் "நான்" என்று மாறியது இன்னொரு வகை. முந்தைய வரைவின் முதல் பக்கத்தில் இருந்த உங்கள் பெயர் கடைசிப் பதிப்பில் நீக்கப்பட்டிருந்தால், அது மூன்றாவது வகை. முதல் இரண்டும் கவனக்குறைவால் நடக்கக்கூடியவை, அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டு பேசலாம். பெயரை நீக்குவதற்கு ஒருவர் கைவைத்துச் செய்ய வேண்டும், ஆகவே அதற்கு நேரடியான கேள்வி தேவைப்படும். அப்போதும் ஒரு சாத்தியத்தை மறக்க வேண்டாம்: புதிய டெம்ப்ளேட்டில் ஸ்லைடுகளை ஒட்டும்போது பழைய முதல் பக்கம் தானாகவே விடுபட்டுப் போவது உண்டு. முன்வைத்தவர் ஒன்றும் சொல்லாமலேயே, கூட்டத்தைத் தொடங்கிவைத்த மேலாளர் "இவர் தயாரித்த அறிக்கை" என்று அறிமுகப்படுத்தியிருக்கவும் கூடும். அப்போது உங்கள் சக ஊழியரின் தவறு, அதைத் திருத்தாமல் விட்டது மட்டுமே. கேட்கும் தொனி அதற்கேற்ப மாற வேண்டும்.

இரண்டாம் படி: பங்குகளை எழுதுங்கள், அவருடையதை முதலில்

ஒரு தாளில் அவர் செய்த வேலைகளை முதலில் எழுதுங்கள், பிறகு உங்களுடையதை. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், சேர்ந்து செய்த வேலைகளில் ஒவ்வொருவரும் தன் பங்கைப் பெரிதாக மதிப்பிடுகிறார்கள் என்று காட்டினார்கள். நாம் செய்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்தவர் நம் கண் மறைவில் செய்தது நினைவில் இல்லை. இது உங்கள் சக ஊழியருக்கு மட்டும் பொருந்துவதில்லை, உங்களுக்கும் பொருந்தும். அவர் கிடங்குக்கு எத்தனை முறை போனார், செலவுக் கணக்கை எத்தனை முறை மாற்றினார் என்பதெல்லாம் உங்கள் கண்ணில் பட்டிருக்காது. அவர் பங்கை நீங்கள் குறைத்துச் சொல்லிவிட்டால், பேச்சு முழுவதும் அந்தக் குறையைப் பற்றியதாக ஆகிவிடும், உங்கள் கோரிக்கை பின்னால் போய்விடும்.

எழுதும்போது "உதவினேன்", "பங்களித்தேன்", "கூட இருந்தேன்" போன்ற சொற்களைத் தவிருங்கள். அவை எதையும் சொல்வதில்லை. திரட்டினேன், சரிபார்த்தேன், கணக்கிட்டேன், எழுதினேன், வரைந்தேன் என்று செய்த செயலையே வினையாக எழுதுங்கள். ஆராய்ச்சி இதழ்களில் இதற்கென்றே CRediT என்ற வகைப்பாடு பயன்படுகிறது. கருத்துருவாக்கம், தரவைச் சீர்செய்து பராமரித்தல், முறையான பகுப்பாய்வு, முதல் வரைவு எழுதுதல், திருத்தி எழுதுதல், மேற்பார்வை என்று மொத்தம் 14 பங்குகள் அதில் உள்ளன. 2022-இல் அது அமெரிக்கத் தேசியத் தரமாகவும் ஆனது. அலுவலக அறிக்கைக்கு அந்தப் பதினான்கும் தேவையில்லை. ஆனால் "யார் பெரியவர்" என்ற கேள்வியை "யார் எதைச் செய்தார்" என்ற கேள்வியாக மாற்றும் அந்த அணுகுமுறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் உங்கள் கோரிக்கையின் பலவீனமான பகுதியையும் கண்டுபிடித்துவிடுங்கள். பெரும்பாலும் அது "யோசனை என்னுடையது" என்பதாக இருக்கும். பேச்சுவாக்கில் சொன்ன யோசனைக்கு ஆதாரம் இருக்காது. இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது பிறக்கும் யோசனை யாருக்குச் சொந்தம் என்று நேர்மையாகவே சொல்ல முடியாமலும் போகலாம். மாதிரி நிகழ்வில், பேக்கிங்கை மாற்றலாம் என்று முதலில் சொன்னது நீங்கள்தான் என்று உங்களுக்கு நினைவிருக்கலாம். அதை விட்டுவிடுங்கள். 5 முதல் 11 வரையிலான ஸ்லைடுகளின் கணக்கு உங்களுடையது என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அந்த ஒன்றைக் கேட்டால் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால், சந்தேகமுள்ள பாதி உறுதியான பாதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாகச் சுருக்குங்கள்: "ஸ்லைடு 5 முதல் 11 வரை உள்ளவற்றுக்குப் பதிவுகளைத் திரட்டிக் கணக்கிட்டது நான்; கிடங்குப் பேச்சு, பரிந்துரை, செலவு மதிப்பீடு, வடிவமைப்பு நீங்கள்." இந்த வாக்கியத்தை அவர் மறுக்க முடியாது என்று உங்களுக்கே உறுதியாகத் தோன்றும் வரை திருத்துங்கள்.

மூன்றாம் படி: ஆதாரத்தை எடுத்து வையுங்கள், நீட்டாதீர்கள்

Google Docs, Slides, Sheets ஆகியவற்றில் `File > Version history > See version history` என்று போனால், எந்தத் தேதியில் யார் எதை எழுதினார் என்று தெரியும். இதில் கவனிக்க வேண்டிய விஷயங்கள் உண்டு. ஃபைலைத் திருத்தும் அனுமதி இருந்தால்தான் அந்த வரலாறு உங்களுக்குத் தெரியும். அனுமதி பறிபோனால் அதுவும் போய்விடும். யாராவது `Make a copy` மூலம் நகல் எடுத்திருந்தால், நகலில் பழைய வரலாறு வராது. அதில் எல்லாமே நகல் எடுத்தவர் எழுதியதாகத் தோன்றும். ஆகவே கூட்டத்தில் காட்டிய ஃபைலைத் தோண்டிக்கொண்டிருக்காமல், நீங்கள் இருவரும் முதலில் வேலை செய்த ஃபைலைத் திறந்து பாருங்கள். பழைய பதிப்புகள் காலப்போக்கில் ஒன்றோடொன்று இணைக்கப்படவும் கூடும். முக்கியமான பதிப்புக்கு இப்போதே ஒரு பெயர் கொடுத்து வைப்பது நல்லது.

பவர்பாயிண்ட், வேர்டு ஃபைல்களின் பண்புகளில் `Author` என்று இருக்கும் பெயரை நம்பி வாதாட வேண்டாம். அங்கே வருவது பெரும்பாலும் அந்த ஃபைலையோ அதன் டெம்ப்ளேட்டையோ முதலில் உருவாக்கியவரின் பெயர். உள்ளே யார் எழுதினார் என்பதற்கு அது சான்று ஆகாது. இதைவிட, "கணக்கு முடிந்தது, இணைத்திருக்கிறேன்" என்று நீங்கள் அனுப்பிய பழைய மெயில் எளிமையானது, எல்லோருக்கும் புரிவது.

இரண்டு அல்லது மூன்று சான்றுகள் போதும். அவற்றை அலுவலகக் கணக்கிலேயே வைத்திருங்கள். உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பினால் நிறுவனத் தகவலை வெளியே கொண்டுபோன குற்றம் உங்கள் மேல் வரலாம். முதல் பேச்சில் இவற்றை எடுத்து மேசைமேல் வைக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டோடு வந்து உட்காருபவரைப் பார்த்தால் யாருக்கும் விசாரணைக்கு வந்தது போலத்தான் இருக்கும். தப்பே செய்யாதவர்கூடத் தற்காப்புக்குப் போய்விடுவார். உங்கள் வாக்கியத்தை அவர் மறுத்தால் மட்டுமே அவற்றுக்கு வேலை.

நான்காம் படி: என்ன கேட்கப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் பேசப் போகிறவர்கள்தான் அதிகம் தோற்கிறார்கள். மனதில் குறை இருக்கிறது, கோரிக்கை இல்லை. எதிரில் இருப்பவர் "சரி, இப்போ நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டால் பதில் இல்லை. "இனிமேல் பார்த்துக்கோங்க" என்று முடிந்துவிடுகிறது.

கோரிக்கையை அளவிட ஒரே கேள்வி போதும்: தவறான தகவல் யாரிடம், எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தது? திருத்தமும் அவர்களிடம், முடிந்தவரை அதே வழியாகப் போக வேண்டும். மாதிரி நிகழ்வில் ஆறு மேலாளர்கள் நேரில் கேட்டிருக்கிறார்கள், ஸ்லைடுகளும் அவர்களுக்கு மெயிலில் போயிருக்கின்றன. ஆகவே அந்த ஆறு பேருக்கு, அதே மெயில் இழையில், அவர் அனுப்பும் இரண்டு மூன்று வரிகள். அதோடு ஃபைலின் முதல் பக்கத்தில் இருவர் பெயரும். மூன்றாவதாக, அடுத்த முறை இதே விஷயம் பேசப்படும்போது கணக்குப் பகுதியை நீங்கள் முன்வைப்பது. இதற்கு மேல் கேட்கத் தேவையில்லை. முழு அலுவலகத்துக்கும் அறிவிப்பு, எழுத்தில் மன்னிப்பு, தவறு செய்ததாக ஒப்புதல் ஆகியவற்றைக் கேட்டால், எளிதாகச் செய்யக்கூடிய திருத்தத்தையும் அவர் செய்ய மாட்டார்.

திருத்த மெயிலை நீங்களே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அவருக்கு முகம் போகாமல் அனுப்பக்கூடிய விதத்தில் அது இருக்க வேண்டும். இப்படி இருக்கலாம்:

"வியாழக்கிழமை காட்டிய ஸ்லைடுகளின் இறுதிப் பதிப்பை இணைத்துள்ளேன். அன்று சொல்ல விட்டுப்போன ஒன்று: ஸ்லைடு 5 முதல் 11 வரை உள்ள தரவுத் தொகுப்பும் கணக்கும் இன்னாருடையவை. அந்த எண்கள் பற்றிய கேள்விகளை அவரிடமே நேரடியாகக் கேட்கலாம். கிடங்கு, செலவு பற்றிய கேள்விகளை என்னிடம் கேளுங்கள்."

இதில் யாரும் குற்றவாளி இல்லை. "சொல்ல விட்டுப்போன" என்ற சொற்றொடர் அவருக்கு ஒரு வாசலைத் திறந்து வைக்கிறது. கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் உண்மையில் வேலை செய்பவை. பெயர் போட்ட வரியை மறந்துவிடுவார்கள், ஆனால் கேள்வி வரும்போது யாரிடம் கேட்க வேண்டும் என்பது நினைவில் நிற்கும். அவர்கள் உங்களிடம் கேட்கத் தொடங்கிவிட்டால், அந்த வேலை யாருடையது என்பது தானாகவே நிலைத்துவிடும்.

ஐந்தாம் படி: பேசுங்கள்

ஒன்று அல்லது இரண்டு வேலை நாட்களுக்குள் பேசிவிடுவது நல்லது. அதே நாளில் கோபத்தோடு போக வேண்டாம். ஆனால் ஒரு வாரம் தாண்டிவிட்டால் "இவ்வளவு நாள் ஏன் சொல்லலை?" என்ற கேள்வி வரும், கூட்டத்தில் இருந்தவர்களும் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். அடுத்த கட்டம் யாருக்கு என்ற முடிவு இரண்டு வாரத்தில் என்றால், திருத்தம் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும்.

தனியாக, நேரில் பேசுங்கள்; அது முடியாவிட்டால் போனிலோ வீடியோவிலோ. சாட்டில் இந்தப் பேச்சை நடத்தக் கூடாது. எழுத்தில் தொனி தெரியாது. நீங்கள் அனுப்பியதை அவர் இன்னொருவருக்கு அனுப்பவும் முடியும். சாட்டில் நேரம் மட்டும் கேளுங்கள், விஷயத்தையும் மறைக்காதீர்கள்: "வியாழக்கிழமை ப்ரெசென்டேஷன் பத்தி ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும். இன்னைக்கு மதியம் முடியுமா?" வெறுமனே "பேசணும்" என்று அனுப்பினால், அவர் மதியம் வரை பதற்றத்தில் இருந்துவிட்டுத் தயாரித்த பதில்களோடு வருவார்.

முதல் நிமிடத்திலேயே மூன்றையும் சொல்லிவிடுங்கள்: பார்த்தது, அதன் விளைவு, கேட்பது.

"அந்த ஸ்லைடு ஃபைலைப் பார்த்தேன். பரிந்துரைப் பகுதி ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா முதல் பக்கத்துல உங்க பேர் மட்டும்தான் இருக்கு, அஞ்சுலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நான் போட்ட கணக்குன்னு எங்கயும் இல்லை. அந்த ஆறு பேருக்கும் நான் இதுல இருந்ததே தெரியாது. அடுத்த கட்டத்துக்கு ஆள் போடறப்போ அது எனக்குப் பாதிப்பு. அவங்களுக்கு நீங்க ஒரு சின்ன மெயில் அனுப்பணும்னு கேட்கிறேன். ஒரு வரைவு எழுதி வச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மௌனம் சங்கடமாக இருக்கும், அதை நிரப்பத் தோன்றும். நிரப்பத் தொடங்கினால் "பெரிய விஷயம் ஒண்ணும் இல்லை, இருந்தாலும்..." என்று நீங்களே உங்கள் கோரிக்கையைக் கரைத்துவிடுவீர்கள். "நீங்க எப்பவும் இப்படித்தான்" என்பதும் வரக் கூடாது. அது வந்தால் பேச்சு அவருடைய குணத்தைப் பற்றியதாகிவிடும். "திருடிட்டீங்க" என்ற சொல்லும் வேண்டாம். அலுவலக நேரத்தில் செய்த வேலையின் உரிமை பெரும்பாலும் நிறுவனத்திடம்தான் இருக்கும். நீங்கள் கேட்பது யார் செய்தது என்ற குறிப்பை.

இனி அவர் சொல்லக்கூடிய பதில்கள். "ஐயோ, கவனிக்கவே இல்லை, அனுப்பிடறேன்" என்றால் அங்கேயே நன்றி சொல்லி, எப்போது என்று மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்துவிடுங்கள். ஜெயித்த பிறகு விளக்கிக்கொண்டே இருப்பது அவரை மறுபடி யோசிக்க வைக்கும்.

"டீம் வொர்க்னுதான் சொன்னேனே" என்பது அடிக்கடி வரும் பதில். பொய்யாகவும் இருக்காது. இதற்கு வாதாட வேண்டியதில்லை: "சொல்லியிருப்பீங்க. ஆனா டீம்னா யார் யார்னு அவங்களுக்குத் தெரியாது. அதான் பேரோட ஒரு வரி போதும்னு கேட்கிறேன்." பதிவைத் தேடி அவர் சொன்னாரா இல்லையா என்று நிரூபிக்கும் போட்டியில் இறங்காதீர்கள்.

"நேரமே இல்லை, பத்து நிமிஷம்தான் குடுத்தாங்க" என்றால், அதை முழுவதும் ஏற்றுக்கொள்ளுங்கள். கூட்டத்தில் நேரம் இல்லாமல் போனது, மெயில் அனுப்ப நல்ல காரணம்தானே.

"மெட்டீரியல் நீங்க குடுத்தீங்க, ஆனா அதை ஒரு அறிக்கையா ஆக்கினது நான்தானே" என்பது கடினமான பதில். இதில் அவர் நேர்மையாக நம்பும் ஒன்று இருக்கிறது, முழுவதும் தவறும் இல்லை. இங்கேதான் நீங்கள் எழுதி வைத்த பங்குப் பட்டியல் கைகொடுக்கும். "அறிக்கையா ஆக்கினது நீங்கதான், பரிந்துரையும் உங்களுடையதுதான், அதை நான் கேட்கவே இல்லை. அந்த ஏழு ஸ்லைடுல இருக்கிற எண்களைப் போட்டது நான். அதை மட்டும் சொல்லணும்." அவர் பங்கை நீங்களே முழுதாகச் சொல்லிவிட்டால், அவர் பயப்படும் இழப்பு இல்லாமல் போகிறது. பிறகும் கணக்கையே மறுத்தால், "நான் அனுப்பின மெயிலைச் சேர்ந்து பார்க்கலாமா?" என்று அப்போது கேளுங்கள்.

"இவ்வளவு சின்ன விஷயத்துக்கா?" என்றால், "மெயிலும் சின்னதுதான், மூணு வரி" என்று சொல்லலாம். "இப்போ அனுப்பினா ஒரு மாதிரி இருக்கும்" என்று தயங்கினால், அது மறுப்பு அல்ல, வெட்கம். தனி மெயிலாக இல்லாமல், இறுதிப் பதிப்பை அனுப்பும் சாக்கில் அந்த வரிகளைச் சேர்க்கலாம் என்று வழி காட்டுங்கள். வரைவு அப்படி எழுதப்பட்டிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

மிக ஆபத்தானது "சரி சரி, பார்த்துக்கலாம்." இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பொருள் கிடையாது. ஒரு நாளைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்: "செவ்வாய்க்கிழமைக்குள்ள அனுப்ப முடியுமா?"

ஆறாம் படி: எழுத்தில் உறுதிசெய்து, வந்ததைச் சரிபாருங்கள்

பேசிய அன்றே ஒரு சிறு குறிப்பு அனுப்புங்கள்: "நேரம் ஒதுக்கினதுக்கு நன்றி. பேசினபடி வரைவை இணைச்சிருக்கேன், செவ்வாய்க்குள் அனுப்பினால் போதும். முதல் பக்கத்தை நான் மாத்தட்டுமா, நீங்க மாத்தறீங்களா?" இது நினைவூட்டலாகவும் இருக்கும், பின்னால் தேவைப்பட்டால் நீங்கள் முறையாகக் கேட்டதற்குச் சான்றாகவும் இருக்கும். குறை சொல்லும் சொல் ஒன்றுகூட இதில் வேண்டாம்.

மெயில் வந்ததும் படித்துப் பாருங்கள். பலமுறை நடப்பது என்னவென்றால், பெயர் வந்திருக்கும், பங்கு சுருங்கியிருக்கும்: "தரவு விஷயத்தில் உதவிய இன்னாருக்கு நன்றி." நன்றி சொல்லப்படுபவர் வேலையின் சொந்தக்காரர் இல்லை என்றுதான் படிப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இப்படி வந்தால் அவரிடம் திரும்பப் போய்ச் சண்டை போடுவதைவிட, அதே இழையில் எல்லோருக்கும் பதில் எழுதி நிரப்பிவிடுவது மேல்: "நன்றி. ஸ்லைடு 5 முதல் 11 வரை உள்ள கணக்கின் மூல ஃபைலை இணைத்துள்ளேன். இதைத் தயாரித்தபோது எடுத்த முடிவுகளை முதல் தாளில் குறித்திருக்கிறேன். கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள்." அந்த ஃபைலில் ஒருவர் மட்டுமே சொல்லக்கூடிய விவரங்கள் இருக்கும். இருமுறை பதிவானவற்றை எப்படி அடையாளம் கண்டீர்கள், காரணம் எழுதப்படாத பதிவுகளை என்ன செய்தீர்கள் என்பவை அவை. அதைப் படிப்பவருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

திருத்தம் வராவிட்டால்

குறித்த நாள் தாண்டி ஒரு வேலை நாள் பொறுங்கள். பிறகு ஒரே ஒரு நினைவூட்டல். அதற்கும் பலன் இல்லையென்றால் மேலே சொன்ன மூல ஃபைல் மெயிலை நீங்களே அனுப்பலாம். ஆனால் அனுப்பும் முன் அவரிடம் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு நானே அந்த ஆறு பேருக்கும் கணக்கு ஃபைலை அனுப்பறேன்." அவருக்குத் தெரியாமல் அனுப்பினால், பெயரை விட்ட தவறு மறந்துபோய், முதுகுக்குப் பின் செய்தீர்கள் என்பது மட்டும் நிற்கும். சொல்லிவிட்ட பிறகு பல நேரம் அவரே முந்திக்கொண்டு அனுப்பிவிடுவார்.

உங்கள் மேலாளரிடம் போக வேண்டியது மூன்று சந்தர்ப்பங்களில்: சக ஊழியர் உங்கள் பங்கையே மறுக்கும்போது, உங்கள் பெயரை நீக்கியது தெளிவாகத் தெரியும்போது, இதே ஆள் இரண்டாம் முறை இப்படிச் செய்யும்போது. அங்கேயும் குறையாகப் போகாமல் கோரிக்கையோடு போங்கள்: "திரும்பி வந்த பொருட்கள் அறிக்கையில் கணக்குப் பகுதி நான் செய்தது. கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை. அவரிடம் இந்தத் தேதியில் பேசினேன், இன்னும் திருத்தம் போகவில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பகுதியை நான் முன்வைக்க ஏற்பாடு செய்ய முடியுமா?" மேலாளர் இருவருக்கும் நடுவில் நீதிபதியாக உட்கார விரும்ப மாட்டார். நிகழ்ச்சி நிரலில் ஒரு பெயரைச் சேர்ப்பது அவருக்கு எளிது.

முன்வைத்தவர் உங்களைவிட மூத்தவராக இருந்தால் கேட்கும் வடிவம் மாறும், கோரிக்கை மாறாது. "சார், அந்த எண்களைப் பத்தி யாராவது கேட்டா நானே நேரடியா பதில் சொல்லலாமான்னு கேட்க வந்தேன். அதுக்கு அவங்களுக்கு என்னை ஒரு மெயில்ல அறிமுகப்படுத்தி வைக்க முடியுமா?" என்று கேட்கலாம். அவரும் தன் தவறை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது. குழுத் தலைவர் தன் குழுவின் வேலையைத் தன் வாயால் சொல்வது அலுவலகங்களில் வழக்கம்தான் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் "என் குழு" என்று சொல்லியிருந்தால் அது இந்த வழிகாட்டி பேசும் விஷயமே இல்லை.

ஆய்வுக் கட்டுரையாக இருந்தால் பாதை வேறு. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ICMJE, கட்டுரையை எழுதிய ஆசிரியராகப் பெயர் வர நான்கு நிபந்தனைகளை வைக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுப் படைப்புக்கும் பொறுப்பேற்றல். நான்கில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அவரை நன்றிப் பகுதியில் குறிப்பிடச் சொல்கிறது. முதல் நிபந்தனை உங்களுக்குப் பொருந்தியும் வரைவைத் திருத்த உங்களை அழைக்கவே இல்லை என்றால், அதுவே ஒரு மீறல். அந்த வாய்ப்பு தரப்பட வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன. ஆனால் இதழின் ஆசிரியர் உங்கள் இருவருக்கும் தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். வேலை நடந்த நிறுவனத்தையே விசாரிக்கச் சொல்வார். ஆகவே கட்டுரை அனுப்பப்படும் முன்பே கேட்பது, வெளியான பிறகு கேட்பதைவிடப் பல மடங்கு எளிது.

அதே ஆளோடு அடுத்த வேலை

பெரும்பாலும் நீங்கள் இருவரும் மறுபடி சேர்ந்து வேலை செய்யத்தான் போகிறீர்கள். வேலை தொடங்கும் நாளிலேயே, ஃபைல் காலியாக இருக்கும்போதே, முதல் பக்கத்தில் இருவர் பெயரையும், யார் எந்தப் பகுதி என்பதையும் எழுதிவிடுங்கள். அந்த நேரத்தில் யாருக்கும் அதில் எதிர்ப்பு இருக்காது. உங்கள் பகுதி ஸ்லைடுகளின் அடியில் "தரவு, கணக்கு:" என்று பெயரைச் சிறிய எழுத்தில் சேர்த்துவிட்டால், முதல் பக்கம் விடுபட்டாலும், யாரோ ஒரே ஒரு ஸ்லைடை வேறு ஃபைலில் ஒட்டினாலும், பெயர் கூடவே போகும். யார் முன்வைப்பது என்பதையும் அன்றே பேசிக்கொள்ளுங்கள். ஒருவர் மட்டும்தான் பேச முடியும் என்றால், மற்றவரும் கூட்டத்தில் இருந்து தன் பகுதிக்கான கேள்விகளுக்குப் பதில் சொல்வது என்று வைத்துக்கொள்ளலாம். அப்படி இருக்கும்போது மறுபடி "நான்" என்று பேச்சு போனால் குறுக்கிட வேண்டாம். உங்கள் பகுதி பற்றி முதல் கேள்வி வரும்வரை பொறுத்து, "அந்தக் கணக்கு நான் போட்டது, நானே சொல்றேன்" என்று தொடங்கிப் பதிலைச் சொல்லுங்கள்.